கடைசி வரி படிக்கிற கண்ணுக்கு விழித்திரைப் பரிசோதனை எதற்கு?

வாசகர் கடிதம்

டாக்டருக்கு வணக்கம். சேலம் சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே பட்டறை வைத்து வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறேன். வயது 51. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது, மாத்திரை மட்டும்தான். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 10.8. போன மாதம் எங்கள் பகுதி முகாமில் கண்ணுக்குள் போட்டோ எடுத்து, ‘வலது கண் சிவியர் என்பிடிஆர், இடது கண் மாடரேட் என்பிடிஆர்’ என்று எழுதி, விழித்திரை டாக்டரிடம் போகச் சொன்னார்கள். எனக்குப் பார்வையில் குறையே இல்லை. கண்ணாடிக் கடையில் தூரத்துக்கு மைனஸ் பவர் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தால் கடைசி வரி வரை படிக்கிறேன், 6/6 என்றார்கள். கிட்டப் பார்வைக்கு எட்டு வருடமாகப் போட்ட கண்ணாடிகூட இப்போது தேவைப்படவில்லை, சலங்கைக்குப் பொடி வைத்துப் பற்றவைப்பதெல்லாம் வெறுங்கண்ணால்தான். முகாம் ரிப்போர்ட் தவறாக இருக்காதா? நெருப்பு வெளிச்சத்தில் குழல் ஊதி வேலை செய்வதால் வந்ததா? பக்கத்துத் தெருக்காரருக்கு லேசர் செய்த பிறகுதான் கண் போனது, அதனால் பயமாக இருக்கிறது. சர்க்கரை டாக்டர் இன்சுலின் போடச் சொல்கிறார். போட்டால் கண்ணும் சரியாகிவிடுமா? மனைவிக்கும் போன மாதம் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் பார்வை நன்றாக இருக்கிறது, அவளும் கண்ணைக் காட்ட வேண்டுமா?

— பெயர் வேண்டாம், சேலம்

டாக்டர் பதில்

அன்புள்ள ஐயா,

காட்டத்தான் வேண்டும். அதுவும் இரண்டு வாரத்துக்குள். முகாம் ரிப்போர்ட் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் அது தவறு என்பதற்கு நீங்கள் சொல்லும் இரண்டு காரணங்களும் நிற்காது. அதில் இரண்டாவது காரணம் எனக்குக் கவலையையே தருகிறது.

முதலில் அந்த 6/6. கண்ணாடிக் கடையில் போர்டைப் படிக்கும்போது உங்கள் விழித்திரை முழுவதும் வேலை செய்வதில்லை. எழுத்தைக் கூர்ந்து பார்ப்பது விழித்திரையின் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சிறு குழி. விழித்திரையின் மொத்தப் பரப்போ ஆயிரம் சதுர மில்லிமீட்டருக்கு மேல். அந்தக் குழியின் நட்டநடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ரத்த நாளமே கிடையாது. சர்க்கரை கெடுப்பது ரத்த நாளங்களை. ஆகவே நோய் சுற்றுப்புறத்தில் எவ்வளவு பரவியிருந்தாலும், நடுக்குழிக்கு நீர்க்கசிவோ ரத்தமோ வந்து சேரும்வரை கடைசி வரி தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஒரே ஒரு சலங்கையைப் பார்த்துவிட்டு முழு ஜோடிக் கொலுசும் சரி என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? அந்தப் போர்டு பார்ப்பது அந்த ஒரு சலங்கையை மட்டும்தான். விழித்திரைக்கு வலி நரம்பும் கிடையாது, எனவே வலித்தும் தெரியாது.

கண்ணாடிக் கடைக்காரர்மேல் தவறில்லை. அவர் அளந்தது பவர். கண்ணுக்குள் பார்ப்பது வேறு வேலை.

கிட்டப் பார்வை திரும்பி வந்தது எப்படி?

51 வயதில் வெள்ளெழுத்து தானாக மறையாது. 40க்கு மேல் கண்ணின் லென்ஸ் நெகிழ்வை இழந்துகொண்டே போகிறது, இழந்த நெகிழ்வு திரும்பி வருவதில்லை. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டாம் என்றாகி, அதே சமயம் தூரத்துக்கு மைனஸ் பவர் புதிதாக வந்திருக்கிறது என்றால், கண்ணின் பவரே இடம் மாறியிருக்கிறது என்று பொருள். இதற்கு இரண்டு காரணங்கள்தான் வழக்கமாக இருக்கும்.

ஒன்று, ரத்தத்தில் சர்க்கரை பல வாரங்கள் ஏறியே இருப்பது. லென்ஸுக்குள்ளும் சர்க்கரை புகுந்து, அதன் நீர்ச்சத்தும் ஒளியை வளைக்கும் திறனும் மாறிவிடுகின்றன. கண் மைனஸ் பக்கம் நகர்கிறது. மைனஸ் கண்ணுக்குத் தூரம் மங்கும், கிட்டே தெளியும். உங்கள் 10.8-ஐப் பார்த்தால் இதுதான் முதல் சந்தேகம். இன்னொன்று, கண்புரையின் ஒரு வகை. லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் பழுப்பேறும்போதும் இதே மைனஸ் மாற்றம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை கொஞ்சம் முன்னதாகவே வரும். இரண்டில் எது என்பதைச் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். எதுவானாலும், வெறுங்கண்ணால் பொடி வைக்க முடிவது கண் ஆரோக்கியத்துக்குச் சான்றல்ல. முதல் காரணமாக இருந்தால் அது சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்குத்தான் சான்று.

இதை இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரியக் காரணம் உண்டு. இன்சுலின் ஆரம்பித்துச் சர்க்கரை இறங்கியதும், ஒன்றிரண்டு வாரத்தில் லென்ஸ் மறுபடி மாறும். அப்போது கிட்டப் பார்வை திடீரென மங்கும், பொடியும் வளையமும் கலங்கித் தெரியும். ‘இன்சுலின் கண்ணைக் கெடுத்துவிட்டது’ என்று ஊசியை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். அது கெடுதல் அல்ல, லென்ஸ் தன் பழைய நிலைக்குப் போகிறது. எட்டு வருடமாகப் போட்ட பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். புதிதாக வாங்கிய மைனஸ் கண்ணாடி உதவாமல் போகலாம். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து நான்கு முதல் ஆறு வாரம் ஆன பிறகே பவர் அளந்து புதுக் கண்ணாடி வாங்குங்கள்.

‘சிவியர்’ என்று எழுதியதற்கு என்ன பொருள்?

விழித்திரையில் உள்ள மிகச் சிறிய நாளங்கள், அதாவது தந்துகிகள், ஒரு சிவப்பணு நுழையும் அகலமே உடையவை. அவற்றின் சுவரை வெளியிலிருந்து பற்றிக்கொண்டு தாங்கும் செல்கள் உண்டு. பெரிசைட் என்று பெயர். உடம்பிலேயே இவை அடர்த்தியாக இருக்கும் இடங்களில் விழித்திரை முக்கியமானது. பல ஆண்டுகள் சர்க்கரை ஏறியிருந்தால் முதலில் சாவது இந்தத் தாங்கு செல்கள்தான். தாங்கல் போன இடத்தில் சுவர் புடைக்கிறது. படத்தில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவை பெரும்பாலும் இந்தப் புடைப்புகள். புடைத்த சுவர் வழியாக நீரும் கொழுப்பும் கசியும். கொழுப்பு படிந்த இடங்கள் மஞ்சள் திட்டுகளாகத் தெரியும். இந்தக் கசிவு மேக்குலா என்ற நடுப்பகுதியில் சேர்ந்தால் அது வீங்கும். பார்வை குறைவதற்கு இதுவே அடிக்கடி நடக்கும் காரணம். உங்கள் ரிப்போர்ட்டில் வீக்கம் என்று ஒன்றும் எழுதியிருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. ஆனால் ஆரம்ப வீக்கம் சாதாரண போட்டோவில் தப்பிவிடும், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

கசிவு ஒரு பக்கம், அடைப்பு இன்னொரு பக்கம். கெட்டுப்போன தந்துகிகள் மெல்ல மூடிக்கொள்கின்றன. ரத்தம் போகாத பகுதி ஆக்சிஜனுக்கு ஏங்கி, புது நாளம் வளர்க்கச் சொல்லும் ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. விஇஜிஎஃப் என்று அதற்குச் சுருக்கப் பெயர். பின்னால் வரும் கண் ஊசிப் பேச்செல்லாம் இதை அடக்குவது பற்றித்தான்.

என்பிடிஆர் என்றால், ரெட்டினோபதி என்ற இந்த விழித்திரை நோயில் புது நாளம் இன்னும் முளைக்காத கட்டம். அதிலும் எவ்வளவு பகுதி பட்டினி கிடக்கிறது என்பதை வைத்து மைல்டு, மாடரேட், சிவியர் என்று பிரிக்கிறோம். சிவியர் என்று சொல்ல ஒரு கணக்கு உண்டு. விழித்திரையை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கிலும் ரத்தக்கசிவுகள் நிறைய இருக்க வேண்டும், அல்லது இரண்டில் சிரைகள் மணிமணியாகப் புடைத்திருக்க வேண்டும், அல்லது ஒன்றிலாவது விழித்திரைக்குள் நாளங்கள் கோணல்மாணலாகத் தடித்து ஓட வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தாலே சிவியர்தான். இந்தக் கட்டத்தில் உள்ள கண்களை அப்படியே விட்டால் ஏறத்தாழ பாதிக்கு ஓராண்டுக்குள் புது நாளங்கள் முளைக்கின்றன என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் வலது கண் இப்போது நிற்பதாக எழுதியிருக்கும் இடம் அது.

புது நாளம் என்றால் நல்லது என்று தோன்றும். ஆனால் அவை விழித்திரைக்குள் வளர்வதில்லை. அதன் மேற்பரப்பில், கண்ணை நிறைத்திருக்கும் விட்ரியஸ் கூழைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. சுவர் மிக மெல்லியது, கூழ் லேசாகச் சுருங்கி இழுத்தாலே கிழியும். அன்றுவரை 6/6 படித்த கண்ணுக்குள் ரத்தம் கொட்டி, காலையில் எழும்போது கை அசைவு மட்டும் தெரியும் நிலை வருவது இப்படித்தான். நாளடைவில் இந்த நாளங்கள் தழும்பாகச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுப்பதும் உண்டு. அதற்குப் பெரிய அறுவை சிகிச்சைதான் வழி, அதன் பிறகும் பழைய பார்வை வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முகாம் ரிப்போர்ட் தவறாக இருக்குமா? இருக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் தவறலாம். முகாம் காமிரா ஒரு படத்தில் ஏறத்தாழ 45 டிகிரி அகலத்தைத்தான் பிடிக்கும். ஓரத்தில் நடப்பது அதில் விழாது. கண்பாப்பா விரியாமல் எடுத்த படம் மங்கலாக இருந்தால் படிப்பவர் கூட்டியும் சொல்வார், குறைத்தும் சொல்வார். மாடரேட் என்று எழுதிய இடது கண்ணின் ஓரத்தில் புது நாளம் இருக்கவும்கூடும். அதனால்தான் முகாமில் எழுதுவதை முடிவான தீர்ப்பாக நாங்கள் எடுப்பதில்லை. பாப்பாவை விரித்து முழுதாகப் பார்க்கச் சொல்லும் சீட்டு அது, அவ்வளவுதான்.

குழல் ஊதுவது, நெருப்பு வெளிச்சம், நுணுக்க வேலை, செல்போன் இவை எதுவும் இந்த நோயைக் கொண்டுவராது. பட்டறைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், அது தீப்பொறிக்காக. புது நாளம் முளைத்திருப்பது உறுதியானால் மட்டும், மூச்சை அடக்கி முக்கும் காரியங்களையும் குழல் ஊதுவதையும் எப்படி வைத்துக்கொள்வது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

சொட்டு மருந்து போடும் நாள்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. தனியார் கண் மருத்துவமனை என்றால் ‘ரெட்டினா டாக்டர் இருக்கும் நாள் எது’ என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் பவர் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். முகாம் சீட்டு, கடைசிச் சர்க்கரை ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இதய நோயோ அதிக ரத்த அழுத்தமோ இருந்தால் சொட்டு போடும் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற சொட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். காலையில் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். காத்திருக்கும் நேரம் நீளும், வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது.

முதலில் பார்வை, கண் அழுத்தம் இரண்டும் பார்ப்பார்கள். பிறகு சொட்டு. சில நொடி எரியும். பாப்பா விரிய அரை மணி நேரம் ஆகும். சர்க்கரை பல ஆண்டு இருந்தவர்களுக்குப் பாப்பா சோம்பலாக விரியும், இரண்டு மூன்று முறை போட வேண்டி வரலாம். அதன் பிறகு தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு லென்ஸ் வழியாக நடுப்பகுதியைப் பார்ப்பார்கள். அடுத்து, தலையில் விளக்கு மாட்டிய கருவியோடு ‘மேலே பாருங்க, கீழே பாருங்க, காதுப் பக்கம் பாருங்க’ என்று சொல்லி ஓரம் வரை பார்ப்பார்கள். வெளிச்சம் கூசும், வலி இருக்காது. கண்ணைச் சுருக்காமல் மற்றக் கண்ணையும் திறந்தே வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

ஓசிடி என்ற ஸ்கேன் மேக்குலாவின் தடிமனை அளக்கும். கண்ணில் எதுவும் படாது, ஐந்து நிமிடம் போதும். உங்களுக்கு அவசியம் எடுக்க வேண்டும். கையில் சாய ஊசி போட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் எல்லாருக்கும் தேவையில்லை. எந்தப் பகுதிக்கு ரத்தம் போகவில்லை என்று துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் எடுப்பார்கள். மறுநாள் வரை தோலும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். அலர்ஜி இருந்தால் மட்டும் முன்பே சொல்லுங்கள்.

சொட்டு போட்ட பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டே மங்கும், வெயில் கூசும். அன்று பட்டறை வேலை ஆகாது, டெலிவரி தேதிக்கு முந்தின நாளாகப் பார்த்துப் போகாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது, ஆளோடு போங்கள். ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கி வந்து, சொட்டு போட்டுக்கொண்டு, மாலை வெயில் முகத்தில் அடிக்க இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பஸ்ஸில் போகலாம்.

லேசர் செய்ததாலா கண் போனது?

பக்கத்துத் தெருக்காரரின் கண்ணைப் பார்க்காமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கதை எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். பார்வை மங்கிய பிறகு வருகிறார்கள், அதாவது ரத்தம் கசிந்த பிறகோ விழித்திரை இழுபட ஆரம்பித்த பிறகோ. லேசர் செய்கிறோம். நோய் ஏற்கனவே போட்ட பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் போய்விடுகிறது. பழி லேசர்மேல் விழுகிறது.

லேசர் பார்வையைக் கூட்டாது. இதைச் செய்யும் முன்பே நோயாளியிடம் தெளிவாகச் சொல்லாத மருத்துவர்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அது செய்வது ஒன்றுதான். ரத்தம் போகாமல் பட்டினி கிடக்கும் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு சூட்டுப் புள்ளிகளை வைக்கிறோம். அந்தப் பகுதியின் ஆக்சிஜன் தேவை குறைகிறது, புது நாளத்தைக் கூப்பிடும் ரசாயனம் குறைகிறது, முளைத்த நாளங்கள் வாடுகின்றன. நடுப்பார்வையைக் காக்க ஓரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். அதற்கு விலையும் உண்டு. பக்கவாட்டுப் பார்வை சற்றுக் குறையலாம், இருட்டில் கண் பழகத் தாமதமாகலாம், சிலருக்கு மேக்குலா வீக்கம் கொஞ்ச நாள் கூடலாம். இரண்டு மூன்று அமர்வுகளாகச் செய்வார்கள். சொட்டு மருந்தில் மரக்கச் செய்துதான் செய்வது, ஆனாலும் சில இடங்களில் சுருக்கென்று குத்தும்.

உங்களுக்கு லேசர் இப்போதே தேவையா என்பது பரிசோதனைக்குப் பிறகுதான் தெரியும். முகாமில் எழுதியதே உறுதியாகி, புது நாளமும் வீக்கமும் இல்லை என்றால், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லிக் கவனிப்பார்கள். இங்கே நீங்கள் உங்களிடமே நேர்மையாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தீபாவளி ஆர்டர், கல்யாண சீசன் என்று வந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவீர்களா? வர முடியாது என்று நினைத்தால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்ன தேதிக்கு வர முடியாத, இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள ஒருவருக்கு, சிவியர் கட்டத்திலேயே லேசரை முன்கூட்டிச் செய்துவிடுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான்.

மேக்குலா வீங்கியிருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசிதான் முதல் வழி. கேட்கவே கூசும், ஆனால் மரக்கச் செய்தபின் அது சில நொடி வேலை. ஒரு ஊசியோடு முடிவதில்லை. ஆரம்பத்தில் மாதம் ஒன்றாகச் சில மாதங்கள், பிறகு இடைவெளி விட்டு. புது நாளத்துக்கும் ஊசி போடலாம். ஆனால் லேசர் இல்லாமல் ஊசியை மட்டும் நம்பியிருந்து, இடையில் பல மாதம் வராமல் போனவர்களின் கண்கள், லேசர் செய்தபின் வராமல் போனவர்களின் கண்களைவிட மோசமாகியிருக்கின்றன. ஊசியின் வேலை சில வாரங்களில் தீர்ந்துவிடும், லேசரின் பலன் நிற்கும். செலவு விஷயத்தில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் சென்று, உங்களுக்கு எழுதிய சிகிச்சை அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள்.

இடையில் ஒரு நாள் கண் முன்னால் கருநூல்களோ கரும்புள்ளிகளோ திடீரெனக் கூட்டமாக மிதந்தால், ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் மறைத்தால், நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், கொடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்.

இன்சுலின் தொடங்கும் முன்

இன்சுலின் போடுங்கள். தள்ளிப்போட இந்தக் கடிதத்தை ஒரு காரணமாக்கிவிடாதீர்கள். ஆனால் விழித்திரைப் பரிசோதனை அதற்கு முன்போ அதே வாரத்திலோ நடக்கட்டும். ஏற்கனவே ரெட்டினோபதி உள்ள கண்ணில், மிக உயர்ந்த சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது, முதல் சில மாதங்களில் நோய் சற்று முற்றுவதுண்டு. இது 1990களிலேயே பெரிய ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதே ஆய்வுகளில், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே போனவர்களின் கண்கள் சில ஆண்டுகளில் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தன. ஆகவே குறைப்பது சரி. எவ்வளவு வேகத்தில் என்பதை உங்கள் சர்க்கரை டாக்டர் முடிவு செய்ய, கண்ணின் நிலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரெட்டினா ரிப்போர்ட்டின் ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசியைப் பற்றி அவர் பேசினாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கண் சரியாகிவிடுமா என்றால், மூடிப்போன தந்துகிகள் திறக்காது. செத்த தாங்கு செல்கள் திரும்பி வராது. சிறு கசிவுகளும் ரத்தப் புள்ளிகளும் வடியலாம், நோயின் வேகம் குறையும். கண்ணுக்குச் சர்க்கரைக்கு அடுத்தபடி முக்கியம் ரத்த அழுத்தம். அது 130/80-க்குள் இருக்கட்டும். விழித்திரை நாளங்கள் இந்த அளவு கெட்டிருந்தால் சிறுநீரக நாளங்களையும் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவராக இருந்தால், மாத்திரை தடையின்றி வருவது நல்லதுதான், ஆனால் விழித்திரைப் பரிசோதனைக்கு நீங்கள்தான் கிளம்பிப் போக வேண்டும்.

உங்கள் மனைவிக்கு

அவரும் இப்போதே பார்க்க வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட நாளும் அது தொடங்கிய நாளும் ஒன்றல்ல. பலருக்கு அது சில ஆண்டுகள் தெரியாமலே இருந்திருக்கும், கண்டுபிடித்த அன்றே விழித்திரையில் புள்ளிகள் இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் ‘கண்டுபிடித்ததும் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை’ என்கிறோம். சின்ன வயதில் வரும் முதல் வகைக்கு மட்டும், தொடங்கிய நாள் ஏறக்குறையத் தெரியும் என்பதால், ஐந்து ஆண்டு கழித்து ஆரம்பித்தால் போதும். சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் கணக்கு வேறு. முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட்டு, பிறகும் இடையிடையே பார்க்க வேண்டும், கர்ப்பத்தில் இந்த நோய் வேகம் பிடிக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஏன்? ஒன்றுமில்லாத கண்ணிலிருந்து உங்கள் வலது கண்ணின் நிலைக்கு வர வழக்கமாகப் பல ஆண்டுகள் ஆகும், ஆனால் கடைசிப் படிகளை நோய் மாதக்கணக்கில் தாண்டிவிடும். ஆண்டுதோறும் பார்த்தால் மைல்டு அல்லது மாடரேட் கட்டத்திலேயே பிடித்துவிடலாம். அப்போது சர்க்கரையையும் அழுத்தத்தையும் சரிசெய்வதே சிகிச்சை. இங்கிலாந்தில் இரண்டு முறை தொடர்ந்து ஒன்றுமில்லாத கண்களுக்கு இடைவெளியை இரண்டு ஆண்டாக்கியிருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொருவரின் பெயரையும் பதிந்து, தேதி வந்ததும் கடிதம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் யாரும் கூப்பிட மாட்டார்கள், நீங்களே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அதற்கிடையே இன்னும் சில முறை இருக்கும்.

இந்த முறை இருவரும் ஒரே நாளில் போவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். இரண்டு பேருக்கும் சொட்டு போட்டுவிடுவார்கள், வீட்டுக்குக் கூட்டிவர மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும்.